இருபத்தாறு ஷரத்தும் மூன்றாவது சாவியும்

“வாடகைக்கு விட்ட வீட்டோட சாவி ஒரே ஒரு நாள் என் இடுப்புல இருந்ததா எவனாவது சொல்லட்டும் பார்ப்போம். கொடுத்தா கொடுத்ததுதான். எனக்கும் குடியிருக்கிறவங்களுக்கும் நடுவுல இருக்கிறது காகிதம். காகிதத்துக்கு ஏதுய்யா பாசம்?”

பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் இந்த முழக்கம் எழுந்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். முத்திரைத்தாள் விற்பவர் ஒருவர், குமாஸ்தாக்கள் இருவர், டீக்காக மட்டுமே வந்து மாட்டிக்கொண்டவர் ஒருவர். நால்வரும் தலையாட்டினார்கள். மறுத்துப் பேசினால் ஆதாரம் கேட்பார், ஆதாரம் கொடுத்தால் அதில் தேதி இருக்கிறதா என்று பார்ப்பார் என்பது அந்த வட்டாரம் அறிந்த விஷயம்.

முழங்கியவர் முப்பத்தாறு வருஷம் பத்திரம் எழுதி ஓய்வு பெற்றவர். ஊர் அவருக்கு ஷரத்து என்று பெயர் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்றாலும், கூப்பிட்டிருந்தால் அவர் கோபித்திருக்க மாட்டார். எண் கொடுத்துக் கூப்பிடச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான்.

அவருக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மாடி வீடு. கீழே அவரும் மனைவியும். மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, சமையலறை, வெளிப்பக்கம் தனிப் படிக்கட்டு. இந்த மாடிக்கு அவர் எழுதிய வாடகை ஒப்பந்தத்தில் மொத்தம் இருபத்தாறு ஷரத்துகள். ஒரு சிறிய நாட்டை ஆள்வதற்கு அது போதும்.

ஆனால் இருபத்தாறையும் அவர் தனியாக எழுதவில்லை. பாதிப் பெருமை மாடியில் குடியிருந்தவருக்குச் சேர வேண்டும். அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி எழுதியே காலம் கழித்ததால், பத்து மணிக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதில்லை. பத்து பத்துக்கு வருகிறேன் என்பார். பத்து பத்துக்கு வரவும் செய்வார்.

பதினேழு வருஷங்களுக்கு முன் முதல் ஒப்பந்தத்தில் பத்து ஷரத்துகள்தான் இருந்தன. டைம்கீப்பர் அதை வாசற்படியில் நின்றபடியே ஒரு முறைக்கு மூன்று முறை படித்தார். பிறகு கேட்டார்.

“ஒன்பதாவது ஷரத்து. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சரி. சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஆணியில மாட்டலாமா?”

“என் சுவர்ல ஆணியே கிடையாது.”

“அப்ப இந்த ஷரத்து எதுக்கு?”

“இனிமேலும் இருக்கக் கூடாதுன்னுதான்.”

“ஜன்னல் கம்பியில கம்பி கட்டிக் கடிகாரம் மாட்டினா?”

ஷரத்து ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தான் எழுதிய எதையும் யாரும் முழுக்கப் படித்ததில்லை என்பது அவர் மனதுக்குள் இருந்த ரகசிய வருத்தம். இதோ ஒருவர் படித்துவிட்டு ஓட்டையும் கண்டுபிடித்திருக்கிறார். அன்றே ஒன்பது (அ) பிறந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் இரண்டு பேருக்கும் போர்க்களம். சிவப்புப் பேனாவோடு ஷரத்து மாடிக்குப் போவார். ஆட்சேபணைகளை நம்பர் போட்டு எழுதிய தாளோடு டைம்கீப்பர் காத்திருப்பார். நாற்காலியைத் தரையில் இழுத்துச் சத்தம் எழுப்பக் கூடாது என்கிற பதினான்காவது ஷரத்து கீழே இருந்து மேலே போனது. வீட்டு உரிமையாளர் மாற்றுச் சாவி வைத்துக்கொள்ளக் கூடாது, வீட்டைப் பார்க்க வருவதானால் ஒரு நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிற பதினோராவது ஷரத்து மேலே இருந்து கீழே வந்தது. அந்தப் பதினோராவதில் ஷரத்துக்கு அளவில்லாத பெருமை. டீக்கடை முழக்கம் அதிலிருந்துதான் பிறந்தது.

ஒரே ஒரு ஷரத்து மட்டும் கடைசிவரை உள்ளே வரவில்லை. கடைசி எட்டு வருஷமும் டைம்கீப்பர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இருபத்தேழாவதா ஒண்ணு போடுங்க. குடியிருப்பவர் இறந்துபோனா என்ன செய்யணும்னு.”

“அதுக்கென்ன அவசரம்?”

“அவசரமா வர்றதுதானே அது.”

“அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிப் பேனாவை மூடிவிடுவார் ஷரத்து. பூனை வளர்ப்பதற்கும், துணி காயப்போடுவதற்கும், தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறப்பதற்கும் ஷரத்து எழுதிய மேதைக்கு இந்த ஒன்றை எழுத மட்டும் மை வரவில்லை.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சட்ட விரோதச் செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருஷங்களுக்கு முன் டைம்கீப்பர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் ஷரத்தும் பக்கத்து வீட்டுத் தச்சரும் சேர்ந்து வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே போனார்கள். காலில் கட்டோடு திரும்பி வந்த டைம்கீப்பர் சொன்ன முதல் வார்த்தை, “கதவுக்குச் சேதம். உரிமையாளரால் ஏற்பட்டது. எட்டாவது ஷரத்துப்படி நீங்கதான் சரி பண்ணணும்.”

இரண்டாவதாக ஒரு சாவியை நீட்டினார். அவருடைய சாவிகளில் பழைய டிப்போ டோக்கன்கள் கோத்திருக்கும், வட்டமான அலுமினியத் தகடுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் பொறித்தவை. நீட்டியது மூன்று.

“பிடிங்க.”

“என்ன இது?”

“பார்த்தா தெரியலையா? சாவி.”

“பதினோராவது ஷரத்து போடச் சொன்னதே நீங்கதான்.”

“நான்தான். இப்ப அதை மீறச் சொல்றதும் நான்தான். எழுத்துல வேணாம்.”

“எழுத்துல இல்லைன்னா இல்லாத மாதிரிதான்.”

“அப்படியே வச்சுக்குங்க. உங்ககிட்ட சாவி இல்ல. தினம் காலையில அஞ்சே முக்காலுக்கு நான் நாற்காலியை இழுப்பேன். சத்தம் கேக்கலைன்னா, அந்த இல்லாத சாவியை வச்சு வந்து திறங்க. தாழ்ப்பாள் இனிமே போடமாட்டேன்.”

இப்படியாக ஒரே மூச்சில் பதினோராவது ஷரத்தும் பதினான்காவது ஷரத்தும் செத்தன. இறப்பைப் பற்றிய ஏற்பாடு, எழுதப்படாமலே அமலுக்கு வந்தது. மூன்றாம் எண் சாவி ஷரத்தின் இடுப்புக் கயிற்றில் ஏறியது. அதற்கு மறுநாளும் அவர் டீக்கடையில் அதே முழக்கத்தைச் செய்தார், முன்னைவிடச் சத்தமாக.

மூன்று வருஷம் தினமும் காலையில் மாடியில் நாற்காலி இழுபட்டது. கீழே படுத்திருந்த ஷரத்து அதைக் கேட்டுவிட்டு, “பதினாலாவது” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஒரு நாள் அஞ்சே முக்கால் ஆனது. சத்தம் இல்லை. அஞ்சு ஐம்பது ஆனது. ஷரத்து செருப்புக்கூடப் போடாமல் மாடிப்படி ஏறினார். டைம்கீப்பர் படுக்கையில் படுத்தபடியே போயிருந்தார். டாக்டர் வந்து இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அலறி அடித்துக்கொண்டு வந்த மகள், “நீங்க எப்படி மாமா உள்ள போனீங்க?” என்று கேட்டபோது, ஷரத்து வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆதாரமில்லாத ஒரு வாக்குமூலம் கொடுத்தார்.

“கதவு திறந்திருந்தது.”

மகள் இருநூறு மைல் தள்ளி ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரே தம்பி, சரக்குக் கப்பலில். எல்லாம் முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவின் ஒப்பந்தக் காகிதங்கள் இருந்த கோப்பையும், ஒன்று, இரண்டு எண் போட்ட இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நோட்டீஸ் படலம் ஆரம்பமாயிற்று.

முதல் நோட்டீஸ் மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது. ‘மாமனார் காலமானதால் வீட்டைக் காலி செய்கிறோம் அங்கிள், ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்புகிறேன், நன்றி’ என்று ஒரு வரி, பின்னால் கும்பிடும் கை மூன்று. ஷரத்து பதில் கடிதமே எழுதினார். செய்தி கிடைத்தது, ஆனால் இது எழுத்து மூலமான நோட்டீஸ் ஆகாது. தாங்கள் இறந்தவரின் வாரிசு அல்ல, வாரிசின் கணவர். வண்டி வந்தால் சாமான் ஒன்றும் ஏறாது. கும்பிடும் கைகள் மூன்று உள்ளன, ஒற்றைப்படையாக இருப்பதன் பொருள் விளங்கவில்லை.

மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு மனைவியிடம், “உங்கப்பா பதினேழு வருஷம் இந்த ஆள்கிட்ட எப்படித் தாக்குப் பிடிச்சார்?” என்றான்.

“ரெண்டு பேரும் ஒரே ரகம்” என்றாள் அவள்.

இரண்டாவது நோட்டீஸை அவளே எழுதித் தபாலில் அனுப்பினாள். அது சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. இறப்புச் சான்றிதழ் நகல் இணைக்கவில்லை. காலி செய்யும் தேதி குறிப்பிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருந்தவர் இறந்தால் ஒப்பந்தத்தில் அவருடைய இடத்தில் வாரிசுகள் நிற்கிறார்கள், வாரிசுகள் இருவர், கையெழுத்து ஒன்று. மற்றவர் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் சார்பில் அக்கா கையெழுத்திடலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

சொன்னதெல்லாம் சரிதான். எந்த வக்கீலைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால் தம்பியின் கப்பல் ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்கினால்தான் கையெழுத்து வரும். மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு ஒரு மாத நோட்டீஸ். மகளுக்கு ஒவ்வொரு விடுப்பும் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியது. அப்பாவின் சட்டைகள் கொடியில் மடித்தபடி இருக்க, வீட்டை முடிக்கவும் முடியாமல், அழுது முடிக்கவும் முடியாமல் அவள் தவித்தாள்.

“வாடகை வரும்னுதானே இழுத்தடிக்கிறார்” என்றான் மாப்பிள்ளை. அது தவறு. நோட்டீஸ் சரியாக வரும் வரை வாடகை வேண்டாம் என்று ஷரத்து அதே கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார். அதையும் சிவப்பு மையில் எழுதியிருந்ததால் யாரும் படிக்கவில்லை.

ஷரத்தின் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக அவரோடு ஒப்பந்தமே இல்லாமல் குடியிருப்பவள்.

“ஏங்க, அந்தப் பொண்ணை எதுக்கு அலைய விடுறீங்க?”

“நானா அலைய விடுறேன்? சட்டம்.”

“சட்டம் என்ன, மேல காலியாயிடக் கூடாதுன்னு சொல்லுதா?”

ஷரத்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நோட்டீஸில் பிழை இருக்கும்வரை அது நோட்டீஸ் இல்லை. அது நோட்டீஸ் இல்லை என்றால் மாடி காலியாகவில்லை. மாடி காலியாகவில்லை என்றால் அங்கே ஒருவர் குடியிருக்கிறார். முப்பத்தாறு வருஷ அனுபவத்தில் அவர் எழுதிய வாதங்களிலேயே இதுதான் பலவீனமானது. ஆனால் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையே டிப்போ நண்பர் ஒருவர் வந்து, “ரேடியோவை எனக்குத் தர்றதா அவர் சொல்லியிருந்தார்” என்றார்.

“சொன்னாரா, எழுதினாரா?”

“வாயால சொன்னார்.”

“வாயை இப்ப சாட்சிக்குக் கூப்பிட முடியாதே. வாரிசு ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா தாராளமா எடுத்துக்கலாம். அதுவரைக்கும் ஒரு குண்டூசி இடம் மாறாது.”

நண்பர் முறைத்துக்கொண்டு போனார். குண்டூசி இடம் மாறவில்லை. ஆனால் தினமும் காலையில் அஞ்சே முக்காலுக்கு நாற்காலி மட்டும் இடம் மாறிக்கொண்டிருந்தது. இல்லாத சாவியால் கதவைத் திறந்து உள்ளே போகிற ஒருவர், நாற்காலியை ஒரு முறை இழுத்துவிட்டு, சற்று நின்றுவிட்டு, பூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வாரிசுகளுக்கு ஒரு நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்கவும் இல்லை.

“மேல எலி இருக்கு போல” என்றாள் மனைவி ஒரு நாள், டீயை வைத்தபடி.

“இருக்கும்.”

“எலி நாற்காலியை இழுக்குமா?”

“பெரிய எலி.”

மூன்றாவது நோட்டீஸ் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் வந்தது. ஷரத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

‘மேற்படி முகவரியில் மாடிப் பகுதியில் குடியிருந்த எங்கள் தந்தை காலமானார் என்பதை அறிவீர்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. அவருடைய வாரிசுகள் நாங்கள் இருவர் மட்டுமே. ஒப்பந்தத்தின் இருபத்திரண்டாவது ஷரத்துப்படி ஒரு மாத அவகாசம் கொடுத்து, மேற்படி வாடகை ஒப்பந்தத்தை இதன் மூலம் முடித்துக்கொள்கிறோம். கீழ்க்கண்ட தேதியன்று காலை 10.10 மணிக்குத் தங்கள் முன்னிலையில் தந்தையின் உடைமைகளைப் பட்டியலோடு சரிபார்த்து எடுத்துக்கொண்டு, வீட்டையும் சாவிகளையும் ஒப்படைப்போம். பட்டியல் இரண்டு பிரதிகள் இணைப்பு. மின் மீட்டர் அளவை அன்று இருதரப்பும் குறித்துக்கொள்ளலாம். முன்பணத்தை எங்கள் இருவர் பேரிலும் ரசீது பெற்றுக்கொண்டு திருப்பித் தரவும்.’

கீழே இரண்டு கையெழுத்துகள். தம்பியுடையது ஏதோ ஒரு துறைமுகத்தின் ஈரத்தில் சற்றே ஊறிப்போயிருந்தது. கூடவே, சாமான்களைத் தன் சார்பிலும் அக்காவே பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதிய சம்மதக் கடிதம், பாஸ்போர்ட் நகல்.

ஷரத்து ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். பேனா அந்தரத்திலேயே நின்றது. ஒரு பிழை இல்லை. இப்படிப் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஒரே ஆளை அவருக்குத் தெரியும். 10.10 என்ற இடத்தில் அவருடைய கண் நின்றுவிட்டது.

“அந்த மனுஷன் எழுதினது” என்றார்.

“எந்த மனுஷன்?” என்று மனைவி கேட்டாள்.

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். நீல மையில் ‘நோட்டீஸ் பெற்றுக்கொண்டேன்’ என்று நகலில் எழுதித் தேதியிட்டு அனுப்பினார். அன்று டீக்கடைக்குப் போகவில்லை.

குறித்த நாளன்று 10.10க்கு மகள் வந்தாள். 10.25க்கு மாப்பிள்ளை வண்டியோடு வந்து, வண்டிக்காரருக்கு மதியத்துக்கு மேல் வேறு சவாரி இருப்பதை எல்லோருக்கும் தெரிவித்தான். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுத் தச்சர் வந்தார். ஷரத்தின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

“இந்த நோட்டீஸ் யார் எழுதினது?” ஷரத்து மகளைக் கேட்டார். ஏதோ நீதிமன்றத்தில் கேட்பது போல இருந்தது குரல்.

“அப்பா. கோப்புல வரைவு இருந்தது மாமா. ரெண்டாவது நோட்டீஸ் திரும்பி வந்த பிறகுதான் பிரிச்சுப் பார்த்தேன். நோட்டீஸ் முழுக்க எழுதி, தேதிக்கு மட்டும் கோடு போட்டு வச்சிருந்தார். பட்டியலும் அவர் எழுதினதுதான். போன வருஷத் தேதி போட்டிருந்தது. மேல ஒரு சீட்டுக் குத்தியிருந்தார்.”

“என்ன சீட்டு?”

“‘இருபத்தேழாவது ஷரத்து வராததால்’னு.”

தச்சர் சிரித்துவிட்டார். ஷரத்து சிரிக்கவில்லை. பட்டியலைக் கையில் எடுத்து, “ஒண்ணு. கட்டில்” என்றார்.

ஒவ்வொன்றாகப் போயிற்று. கட்டில், மெத்தை, அலமாரி. சட்டைகள் பதினொன்று, ஒன்றில் பொத்தான் இல்லை என்று பட்டியலே சொன்னது. எரிவாயு அடுப்பு. சிலிண்டர், ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டியது. ரேடியோவுக்கு நேரே டிப்போ நண்பரின் பேரைப் போட்டு ‘இவருக்குத் தரலாம்’ என்று டைம்கீப்பர் எழுதியிருந்தார், மகளும் தலையாட்டினாள். ரேடியோ தனியே வைக்கப்பட்டது. கடிகாரத்தை ஜன்னல் கம்பியிலிருந்து தச்சர் அவிழ்த்துக் கொடுத்தார். உரிமையாளருக்குச் சொந்தமான விசிறி இரண்டு, குழல்விளக்கு மூன்று, குழாய்கள் இவையும் சரிபார்க்கப்பட்டன. மீட்டர் அளவை இரண்டு பிரதியிலும் எழுதினார்கள்.

ஷரத்து சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் ஓர் ஆணி இல்லை. அவருக்கு அதில் ஏமாற்றம்தான். ஒரே ஓர் ஆணி இருந்திருந்தால் திட்டுவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

“நாற்பது. மர நாற்காலி ஒண்ணு” என்று படித்துவிட்டு, இருமினார். நாற்காலியை வண்டிக்காரர் இழுத்துக்கொண்டு போனார். அந்தச் சத்தம் கேட்டு, கீழே போய்க்கொண்டிருந்த மனைவி படியிலேயே நின்று திரும்பிப் பார்த்தாள்.

“நாற்பத்தொண்ணு” என்றாள் மகள், கடைசி வரியைப் பார்த்தபடி. “வாசல் கதவுச் சாவி, மூணு.”

மேஜையும் வண்டியில் ஏறிவிட்டதால் ஜன்னல் விளிம்பில் சாவிகளை வைத்தாள். டோக்கன் ஒன்று. டோக்கன் இரண்டு.

“மூணாவது?” என்றான் மாப்பிள்ளை.

“என்கிட்ட இருந்தது ரெண்டுதான்.”

“அப்ப பட்டியல்ல ரெண்டுன்னு திருத்திடலாம். என்ன அங்கிள்?”

“அப்பா மூணுன்னு எழுதினா மூணு இருக்கும்” என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. “டோக்கன் மூணு இருந்தது எனக்குத் தெரியும். நானே பார்த்திருக்கேன்.”

கைப்பையைத் தரையில் கொட்டினாள். வண்டியில் ஏற்றிய பெட்டியை இறக்கச் சொன்னாள். பொத்தான் டப்பாவைத் திறந்து தரையில் பரப்பினாள். சட்டைப் பைகள் பதினொன்றையும் திருப்பிப் பார்த்தாள். வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை, “விடும்மா, ஒரு சாவிதானே, புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்துடலாம்” என்றான்.

“பூட்டு இல்லங்க பிரச்சனை.” அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அன்னைக்குக் கதவு திறந்திருந்தது. அப்பா கதவைப் பூட்டாம படுக்கிற ஆளே இல்ல. ராத்திரி அவருக்கு ஏதோ பண்ணியிருக்கு. யாரையாவது கூப்பிடலாம்னு எழுந்து வந்து கதவைத் திறந்திருக்கார். முடியாமத் திரும்பிப் போய்ப் படுத்திருக்கார். மூணாவது சாவியால திறந்திருப்பார், அது அப்பவே எங்கயோ விழுந்திருக்கும். ரெண்டு மாசமா இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், மாமா. கதவு வரைக்கும் வந்தவருக்குக் கூப்பிட ஒருத்தர் இல்லாம போச்சே.”

தச்சர் பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஷரத்து கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். நாற்பத்தொன்று, வாசல் கதவுச் சாவி, மூன்று. போன வருஷம் உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கிறார். எழுத்தில் வேண்டாம் என்று சொன்ன அதே மனுஷன், எழுதியும் வைத்திருக்கிறார். பதினேழு வருஷ ஆட்டத்தில் கடைசி ஆட்சேபணை இது. பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்க இந்த முறை அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை.

டீக்கடையின் நான்கு தலைகளும் அவர் கண் முன்னால் ஆடியிருக்க வேண்டும். கை ஒரு தடவை இடுப்புக்குப் போய்த் திரும்பி வந்தது. மறுபடி போனது. சட்டையைத் தூக்கி, கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் திணறினார். தச்சர் எழுந்து வந்து முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் எண் டோக்கன் ஜன்னல் விளிம்பில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

“கதவு பூட்டித்தான் இருந்தது” என்றார் ஷரத்து. “நான்தான் திறந்தேன். மூணு வருஷமா இது என்கிட்ட இருக்கு. அவர் எழுந்து எங்கயும் வரலம்மா. போர்வைகூடக் கலையல. தூக்கத்துலயே போயிட்டார்.”

மகள் அண்ணாந்து பார்த்தாள். “ஏன் மாமா சொல்லல?”

“பதினோராவது ஷரத்து” என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் பாதியில் விட்ட முதல் வாக்கியம் அது.

அவள் அழுதாள். கொஞ்ச நேரம்தான். அழுகை நின்ற பிறகு, “அப்ப கூப்பிட ஆள் இருந்திருக்கு” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மாப்பிள்ளை வண்டிக்காரரை வெளியே கூட்டிக்கொண்டு போய், இன்னும் அரை மணி நேரம் ஆனால் என்ன ஆகிவிடும் என்று அவரிடம் கோபமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முன்பணம் இருந்த உறையை ஷரத்து கொடுத்தார், ரசீது வாங்கிக்கொண்டார். பட்டியலின் இரண்டு பிரதிகளையும் ஜன்னல் விளிம்பில் வைத்து, சாவிகளை விரலால் தொட்டு எண்ணினார். அடியில் ‘மேற்கண்டவை சரிபார்க்கப்பட்டன, வீடும் சாவிகளும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதினார். மகள் கையெழுத்திட்டாள், தச்சர் சாட்சிக் கையெழுத்திட்டார். ஷரத்தின் முறை வந்தபோது கையெழுத்திடாமல் சட்டைப் பையில் தடவி, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“இன்னும் என்ன தப்பு மாமா?” என்றாள் அவள் களைப்போடு.

“ஒண்ணு விட்டுப்போச்சு.”

நாற்பத்தொன்றாவது வரிக்கு நேரே, ஓரத்தில், சின்ன எழுத்தில் எழுதினார். ‘மேற்படி மூன்றில் ஒன்று, மூன்று ஆண்டுகளாக வீட்டு உரிமையாளரிடமே இருந்தது. தினமும் பயன்பட்டது.’

இரண்டாவது பிரதியிலும் அதையே எழுதினார். இரண்டிலும் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, அவளுடைய பிரதியை மை காய ஊதிக் கொடுத்தார்.